திரை கறுப்பாகும், விளக்கைப் போடாதீர்கள்

அன்று காலை மழை பெய்ததா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பெய்தது என்கிறவர்கள் இருக்கிறார்கள். இல்லை, நல்ல வெயில், பள்ளி மண்டபமான டேவானின் கறுப்புத் திரைச்சீலை ஓரமெல்லாம் வெளிச்சம் கசிந்தது என்கிறவர்களும் இருக்கிறார்கள். பிறகு கேள்விப்பட்டதையும் அன்று பார்த்ததையும் நானே ஒன்றாகக் கலந்து வைத்திருக்கலாம். ஆனால் ராகினி டீச்சர் ஒலிபெருக்கியில் சொன்ன அந்த வாக்கியத்தைப் பற்றி மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்.

ஜார்ஜ் டவுனில், பழைய குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கிற ஓர் இடைநிலைப்பள்ளி அது. மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கிற இடம். ராகினி அங்கே ஆங்கிலம் கற்பித்தாள். திரைப்படக் கழகத்துக்குப் பொறுப்பாசிரியையும் அவள்தான். யாழ்ப்பாண வழி வந்த குடும்பம். தாத்தா காலத்தில் ரயில்வே குமாஸ்தா வேலைக்கு வந்தவர்கள். பேச்சில் அந்தப் பழைய வாடை பெரும்பாலும் போய்விட்டது. பதற்றம் வந்தால் மட்டும் 'ஆமாம்' என்பது 'ஓம்' ஆகிவிடும். பிள்ளைகள் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு "ஓம் டீச்சர், ஓம் டீச்சர்" என்று கேலி செய்வார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

அவள் அதிகம் பேசாதவள். ஆசிரியர் அறையில் மூலை மேசையில் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டால் மணி அடித்ததுகூடத் தெரியாது. அப்படிப்பட்டவளிடம் கழகத்தின் ஆண்டு நாளில் படங்களை அறிமுகம் செய்து பேசுகிற வேலை வந்து சேர்ந்தது விநோதம்தான். ஆனால் அதை அவள் வெகு நன்றாகச் செய்தாள். முதலில் மலாய் முறைப்படி தலைமையாசிரியரையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரையும் வரிசையாக விளிக்க வேண்டும். துணைத் தலைமையாசிரியைக்காக பந்துன் என்கிற நாலு வரி மலாய்ப் பாட்டு ஒன்று சொல்ல வேண்டும். அந்த அம்மாவுக்குப் பந்துன் இல்லாத பேச்சு பேச்சே இல்லை. அதற்குப் பிறகு வருவதுதான் ராகினியின் வேலை. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அரை நிமிடம். படத்தின் பெயர், எடுத்தவர் பெயர், மொழி, எவ்வளவு நேரம் ஓடும், கவனித்துப் பார்க்க ஒரே ஒரு விஷயம். அவ்வளவுதான். கதையைச் சொல்லக் கூடாது. நல்ல படம், உருக்கமான படம் என்று முன்கூட்டியே பட்டம் கட்டக் கூடாது. எடுத்தவரின் வீட்டு விவகாரம் கூடவே கூடாது. படம் முடிந்ததும் எடுத்தவர் மேடைக்கு வருவார். சபையிலிருந்து ஒரே ஒரு கேள்வி. ஒரு பதில். அடுத்த படம்.

"பார்க்க வந்தவங்களுக்குக் கதவைத் திறந்து விட்டா போதும். வழியை மறிச்சிக்கிட்டு நிக்கக் கூடாது" என்று கழகப் பிள்ளைகளிடம் சொல்வாள்.

அந்த ஆண்டு ஐந்து படங்கள். மூன்றாவது ரூபினியுடையது. பெயர் 'ரேடியோ'.

ரூபினி ஐந்தாம் படிவம், பள்ளியின் கடைசி வகுப்பு, படித்தாள். ஜெலுத்தோங் அடுக்குமாடி வீடு. அப்பா பழனியப்பன் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுபவர். விடிவதற்கு முன்னால் கடல் பாலம் தாண்டி அக்கரையிலிருக்கிற புக்கிட் மெர்தாஜாமுக்குப் போய், அங்கிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மறுபடி பாலம் தாண்டி பாயான் லெப்பாஸுக்கு வருவார். சாயங்காலம் அதையே திருப்பிச் செய்வார். ரூபினியின் அண்ணன் ஷர்வின் இரண்டு வருடம் முன்பு அதே பாலத்தில் இறந்துபோனான். அக்கரையில் ஜூரு என்கிற ஊரில் இரவு வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். மழை. அவனும் இதே பள்ளிக்கூடம், இதே கழகம்தான். புரொஜெக்டர் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வருகிற பையனாக ராகினிக்கு அவன் நினைவில் இருந்தான்.

பழனியப்பன் அதற்குப் பிறகு மகன் பெயரை எடுக்கவில்லை. வேறு யார் எடுத்தாலும் எழுந்து போய்விடுவார். வேலையை மட்டும் விடவில்லை. தினமும் அந்தப் பாலத்தைத் தாண்டினார். பாலத்தில் ஓர் இடம் வரும்போது கை தானாகப் போய் ரேடியோவை அணைக்கும். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி போடும். பேருந்தில் இருந்தவர்கள் அதைக் கவனித்தார்களோ இல்லையோ, பள்ளி விடுமுறையில் ஒருநாள் கூடப் போன ரூபினி கவனித்தாள். அதைத்தான் படமாக எடுத்தாள்.

படம் எடுத்த விதம் இப்படி. பயணிகளிடம் அனுமதி வாங்கினாள். சிலர் முகம் தெரியக் கூடாது என்றார்கள். அதனால் ஓட்டுநருக்குப் பின்னிருக்கையில் உட்கார்ந்து, அப்பாவின் தோள், கை, கண்ணாடியில் தெரியும் பாதி முகம் இவற்றை மட்டும் கைப்பேசியில் எடுத்தாள். ரேடியோவில் ஓடிய சினிமாப் பாட்டை வைத்துக்கொள்ள முடியாது, உரிமை இல்லாத இசை கழகப் படத்தில் இருக்கக் கூடாது என்பது ராகினியின் சட்டம். ஆகவே அந்த ஒலியை எடுத்துவிட்டு, இம்ரானை அறிவிப்பாளர் மாதிரி பேசவைத்துப் பதிவு செய்தாள். இம்ரான் கழகத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்கிற நாலாம் படிவப் பையன். "பாலத்தில் வாகனங்கள் நத்தை போல ஊர்கின்றன, அன்பு நேயர்களே" என்று அவன் ரேடியோ குரலில் இழுத்த இழுப்பைக் கேட்டுக் கழகமே உருண்டு சிரித்தது.

படத்தின் கடைசிப் பகுதி வேறு மாதிரி. பேருந்து காலியாகிறது. அப்பா சாவியைத் திருகுகிறார். திரை கறுப்பாகிறது. முழுக் கறுப்பு. எதுவும் கேட்காது. பார்ப்பவர்கள் முடிந்துவிட்டது என்று நினைக்கிற நேரத்தில் ஷர்வினின் குரல் வரும்.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்பதை ரூபினி வீட்டுக்கு வெளியே ராகினியிடம் மட்டும் சொல்லியிருந்தாள். கழக அறையில், மற்றவர்கள் போன பிறகு.

"அன்னிக்கி ஜூருல கெளம்புறப்ப அப்பாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கான் டீச்சர். அப்பா அப்ப தூங்கிட்டாரு. அப்புறம் போன் வந்து... அந்த மெசேஜ அவரு இன்னும் கேக்கல. இன்னும் கேக்காதது மாதிரியே புள்ளி வச்சிக்கிட்டு இருக்கு. நான் அதத் தொறக்காமலே என் போனுக்கு அனுப்பிக்கிட்டேன். அவர் போன்ல அது அப்படியேதான் இருக்கு."

"வீட்டில போட்டுக் காட்டலாமே ரூபினி?"

"எந்திரிச்சுப் போயிருவாரு. டேவான்ல இருட்டா இருக்கும்லா. யாரும் அவர் மூஞ்சப் பாக்க முடியாது. வரிசை நடுவுல உக்கார வச்சிட்டா, நாலு பேரத் தாண்டி எந்திரிச்சுப் போக வெக்கப்படுவாரு. ஒருவாட்டி கேட்டுட்டாருன்னா போதும் டீச்சர். அப்புறம் வீட்ல அண்ணனப் பத்திப் பேசலாம். அம்மா பாவம், பாத்ரூம்ல போய் அழுவுது."

ராகினி மேசையிலிருந்து வெற்று அட்டை ஒன்றை எடுத்தாள்.

"அப்பாவுக்கு என்ன சொல்லியிருக்கே?"

"பஸ்ஸ பத்திப் படம்னு. 'என் பஸ்ஸ பாக்க என்னாத்துக்கு எல்லாரும் வர்றாங்க, டிக்கெட் போடலாமா'ன்னு கேட்டாரு. சட்டை கூட அயர்ன் பண்ணி வச்சிட்டாரு."

அறிமுக அட்டையை ராகினி எழுதிக் காட்டினாள். பெயர், நேரம், மொழி. 'ஓட்டுநரின் இடது கையைக் கவனியுங்கள்' என்று ஒரு வரி. 'கடைசியில் திரை கறுப்பாகும், படம் முடியவில்லை, விளக்கைப் போடாதீர்கள், அமைதியாக இருங்கள்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே அவளையறியாமல் இன்னொன்று எழுதியிருந்தாள். 'இப்படம் நம் முன்னாள் மாணவர் ஷர்வினின் நினைவுக்கு.' ரூபினி பேனாவை வாங்கி அந்தக் கடைசி வரியை அடித்தாள்.

"இது வேணாம் டீச்சர். பேரைக் கேட்டாலே போயிருவாரு."

"ஓம். வேண்டாம்" என்றாள் ராகினி.

வெள்ளிக்கிழமை ஒத்திகை சரியாக நடந்தது. எல்லாப் படங்களையும் ஒரே அளவுக்கு மாற்றி, ஒலியை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தான் இம்ரான். ரூபினியின் படம் மட்டும் பென்டிரைவில் தனியாக இருந்தது. கடைசிக் கறுப்பின் நீளத்தை அவள் விழாவுக்கு முந்தின நாள்வரை மாற்றிக்கொண்டே இருந்தாள். ஷர்வினின் குரல் கைப்பேசிப் பதிவு, சன்னமானது. அந்த இடத்தில் மட்டும் ஆம்பிளிஃபையர் குமிழைக் கொஞ்சம் கூட்ட வேண்டும் என்று இம்ரானுக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை டேவான் நிறைந்திருந்தது. மூன்றாவது வரிசை நடுவில் இரண்டு நாற்காலிகளில் ராகினி முன்னாலேயே பெயர் எழுதிய தாள் ஒட்டியிருந்தாள். பழனியப்பன் தேய்த்த சட்டையில் வந்தார். பக்கத்தில் மனைவி மோகனா. அம்மாவுக்கு எல்லாம் தெரியும். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சர், வணக்கம். பஸ்காரன் வந்துட்டேன். உள்ள ஏசி பலமா இருக்கே, என் பஸ்ல இப்படி இல்ல" என்றார் பழனியப்பன்.

"அப்போ இங்கயே இருங்க அண்ணே, படம் முடியிற வரைக்கும்" என்றாள் ராகினி.

விளிப்பு முடிந்தது. பந்துன் முடிந்தது, துணைத் தலைமையாசிரியை தலையசைத்தார். முதல் படம், சந்தையில் தொலைந்த பூனை பற்றியது, கைதட்டலோடு முடிந்தது. இரண்டாவது, சீனப் பையன்கள் எடுத்த பேய்ப் படம். எல்லோரும் சிரித்தார்கள், எடுத்தவர்கள் முகம் தொங்கியது. ஒரு கேள்வி, ஒரு பதில். ராகினி ஒலிவாங்கிக்கு வந்தாள்.

"அடுத்த படம் 'ரேடியோ'. எடுத்தவர் ரூபினி. தமிழ். ஏழு நிமிடம். ஓட்டுநரின் இடது கையைக் கவனியுங்கள்."

மலாயிலும் அதையே சொன்னாள். கறுப்பைப் பற்றிய வரியைச் சொல்ல வாயெடுத்தபோது, பின்னால் திரை நீலமானது. இம்ரான் பென்டிரைவைச் செருகியதும் மடிக்கணினி படத்தின் அளவை மாற்றியிருந்தது. புரொஜெக்டர் தொடர்பை விட்டுவிட்டது. அவன் கம்பியைப் பிடுங்கி மறுபடி செருகினான். படம் வந்தது, ஒலி வரவில்லை. கம்பியைப் பிடுங்கிச் செருகினால் ஒலி ஆம்பிளிஃபையரை விட்டுவிட்டு புரொஜெக்டருக்குள் இருக்கிற சுண்டைக்காய் ஸ்பீக்கருக்குப் போய்விடும். அதைத் தேடி மாற்ற வேண்டும். அவன் மாற்றினான். மறுபடி நீலம்.

"லேப்டாப் மெராஜுக்லா டீச்சர்" என்று பின்னாலிருந்து கத்தினான். "மூஞ்சத் தூக்கி வச்சிக்கிச்சு. கொஞ்சம் பேசுங்க!"

சபை சிரித்தது. பிறகு சிரிப்பு அடங்கியது. தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். துணைத் தலைமையாசிரியை கையைச் சுழற்றி, பேசுங்கள் பேசுங்கள் என்று சைகை செய்தார். நாற்காலிகள் கிறீச்சிட்டன.

மௌனம் ராகினிக்குப் புதிதில்லை. ஆனால் அது அறைக்குள், புத்தகத்துக்கு முன்னால் இருக்கிற மௌனம். நூற்றுக்கணக்கானவர்கள் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மௌனத்தில் அவள் நின்றதே இல்லை. கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள்.

"இந்தப் படத்தில், கடைசியில் திரை கறுப்பாகும்" என்றாள். "படம் முடியவில்லை. விளக்கைப் போடாதீர்கள். அமைதியாக இருங்கள்."

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். திரை இன்னும் நீலமாகவே இருந்தது. துணைத் தலைமையாசிரியையின் கை இன்னும் சுழன்றது. முன்வரிசையில் யாரோ ஒரு பெண், "ஏன் டீச்சர், பயங்கரமா ஏதாச்சும் வருமா? சின்னப் புள்ளைங்க இருக்கு" என்று கேட்டாள். ஒரு கேள்வி. ராகினி ஆசிரியை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியே பழகிய வாய்.

"ஓம்... இல்லை, பயம் இல்லை. ரூபினியின் அண்ணன் ஷர்வினின் குரல் வரும். கடைசியாக அனுப்பிய குரல். அதற்காகத்தான்."

மூன்றாவது வரிசையில் பழனியப்பன் எழுந்தார்.

மோகனா அவர் கையைப் பிடித்தாள். அவர் விடுவித்துக்கொண்டார், முரட்டுத்தனமாக இல்லை, ஒரு விரல் ஒரு விரலாக. "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு, முழங்கால்களைத் தாண்டித் தாண்டி வரிசையை விட்டு வெளியே வந்தார். ரூபினி கணக்குப் போட்ட வெட்கம் அவருக்கு இருக்கத்தான் செய்தது. போதவில்லை. பக்கக் கதவு திறந்தது. வெளிச்சம் திரையின் மேல் ஒரு பட்டையாக விழுந்து, கதவு சாத்தியதும் போனது.

"வந்திருச்சு டீச்சர்! சவுண்டும் வந்திருச்சு!" என்றான் இம்ரான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

ராகினி மேடையோரத்தில் நின்ற ரூபினியைப் பார்த்தாள். நிறுத்திவிடலாம், கடைசியாகப் போடலாம், வேறு படத்தை முன்னால் போடலாம். இதெல்லாம் அவளால் முடியும். அந்தப் பிள்ளை கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு இம்ரான் பக்கம் திரும்பி, "போடு" என்றது.

படம் ஓடியது. பாலம், விடியல், ஸ்டீயரிங் மேல் ஒரு கை. இம்ரானின் நத்தைக்கு எல்லோரும் சிரித்தார்கள். இடது கை போய் ரேடியோவை அணைத்தபோது யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் இப்போது காரணம் தெரிந்திருந்தது. தெரியாமல் பார்க்க வேண்டிய படத்தை ஊரே தெரிந்துகொண்டு பார்த்தது. பேருந்து காலியானது. சாவி திருகியது. கறுப்பு.

யாரும் விளக்கைப் போடவில்லை. யாரும் இருமவில்லை. இம்ரான் சரியான இடத்தில் குமிழைக் கூட்டினான்.

"அப்பா, ஜூருல கெளம்பிட்டேன். மழ வர்ற மாதிரி இருக்கு. அம்மாவ சாப்பாடு எடுத்து வைக்கச் சொல்லுங்க. கதவ உள்ளுக்குப் பூட்டிராதீங்கப்பா, நான் சாவி எடுத்துட்டு வரல."

அவ்வளவுதான். இருட்டில் ஒரு பெண் அழுகிற சத்தம் கேட்டது. மோகனாதான். அவள் பக்கத்துக் காலி நாற்காலியில் பெயர் எழுதிய தாள் ஒட்டியபடி இருந்தது.

வழக்கப்படி ரூபினி மேடைக்கு வந்தாள். ஒரு கேள்வி. ஒரு சின்னப் பையன், முதல் படிவம் இருக்கும், எழுந்து நின்று, "உங்க அப்பாவுக்குப் படம் புடிச்சிச்சா அக்கா?" என்று கேட்டான்.

"அவரு இன்னும் பாக்கல" என்றாள் ரூபினி. ஒலிவாங்கியை ராகினியின் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது முகத்தைப் பார்க்காமல், மெதுவாக, "ஒரு வரிதான் டீச்சர் வேணாம்னு சொன்னேன்" என்றாள்.

மிச்ச இரண்டு படங்களையும் ராகினி அறிமுகம் செய்தாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை.

முடிந்ததும் வெளியே வந்து தேடினாள். பழனியப்பன் கேன்டீன் ஓரம், வடிகால் திட்டில் உட்கார்ந்திருந்தார். எதிரே தே ஆய்ஸ் என்கிற ஐஸ் தேநீர் ஒன்று தொடாமல் இருந்தது, ஐஸ் கரைந்து நிறம் வெளுத்துவிட்டது. ராகினி பக்கத்தில் நின்றாள்.

"மன்னிச்சுக்குங்க அண்ணே. நான் சொல்லியிருக்கக் கூடாது."

"புள்ளைக்கு நல்லா கைதட்டுனாங்களா?"

"தட்டினாங்க."

"அது போதும்லா."

அவர் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். திறக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"அவ நெனைக்கிறா நான் பயந்துக்கிட்டு கேக்காம இருக்கேன்னு. அது இல்ல டீச்சர். இத நான் கேக்காத வரைக்கும் பையன் இன்னும் ஜூருலதான் நிக்கிறான். இன்னும் பாலத்துல ஏறல. கேட்டுட்டேன்னா கெளம்பிருவான்."

ராகினி பதில் சொல்லவில்லை. அரை மணிக்கு முன்னால் இந்த மௌனம் தன்னிடம் இருந்திருக்கக் கூடாதா என்று மட்டும் நினைத்தாள். உள்ளேயிருந்து நாற்காலிகளை மடித்து அடுக்குகிற ஓசை வந்தது. அவர் தே ஆய்ஸை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். "குடிங்க டீச்சர், நான் தொடல" என்றார். பிறகு மோகனாவைத் தேடிப் போனார்.

இது நடந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. ரூபினி கணக்கியல் படித்துவிட்டு நிபோங் திபாலில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அதற்குப் பிறகு அவள் படம் எடுக்கவில்லை. ராகினியைக் கண்டால் நின்று பேசுகிறாள், அந்த நாளைப் பற்றிப் பேசுவதில்லை. இம்ரான் கல்யாண வீடுகளுக்கு ஒலியமைப்பு வாடகைக்குக் கொடுக்கிறான். மோகனா, கணவர் வேலைக்குப் போன பிறகு, மகள் விடுமுறையில் வந்தால் மட்டும், சமையலறையில் உட்கார்ந்து அந்தக் குரலைப் போடச் சொல்லிக் கேட்கிறாள். ராகினி அதே பள்ளியில் இருக்கிறாள். அறிமுகத்தை இப்போது பிள்ளைகளே செய்கிறார்கள். பெயர், மொழி, நேரம், அவ்வளவுதான். கருவி நின்றுபோனால் யாரும் பேசக் கூடாது என்று அவள் ஒரு விதி வைத்திருக்கிறாள். துணைத் தலைமையாசிரியைக்கு அது பிடிக்கவில்லை. பழனியப்பன் இன்னும் பேருந்து ஓட்டுகிறார். புதுக் கைப்பேசி வாங்கிவிட்டார். பழையதை அலமாரியில் வைத்து, அணைந்துவிடாமல் சார்ஜ் போட்டு வருகிறார். அதில் அந்தச் செய்தி இன்னும் கேட்கப்படாமல் இருக்கிறது.